நி ஏன் ஸவுக்குப் போகத் துடிக்கிறது?

போன விடுமுறைக்குப் பொத்துவிலுக்கு வந்திருந்தபோது மாமிட மகன் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தான். பாடசாலை பேண்டில் சேர்ந்து மெலோடிக்கா பழகுகிறான். முன்வாசலில் குந்திக்கொண்டு ஸ ரி க ம ப த நி என்று ஒவ்வொரு கட்டையாக ஏறுவான். நி வந்ததும் டக்கெண்டு நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பான். ரெண்டாவது நாள், அரிசி புடைத்துக்கொண்டிருந்த மூத்தம்மா தலையைத் தூக்கி, "அத முடிச்சிட்டுப் போடா" என்று ஏசினா. மூத்தம்மாவுக்கு ஸவும் தெரியாது, நியும் தெரியாது. ஆனால் அது முடியவில்லை என்பது தெரிந்திருக்கிறது.

"ராத்தா, நிக்கு மேல போகணும் எண்டு ஆரு சொன்ன?" என்று அவன் என்னிடம் கேட்டான்.

நான் படிக்கிறது வரலாறு, சங்கீதமில்லை. கீபோர்ட் கொஞ்சம் தட்டுவேன், அவ்வளவுதான். அந்தத் துணிச்சலில், "நிக்குப் பக்கத்துக் கட்டையே மேல் ஸதான். கிட்ட இருக்கு, அதான் இழுக்குது" என்றேன். அவன் கட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "கவும் மவும் கூட பக்கத்துப் பக்கத்துக் கட்டைதானே? கவில நிறுத்தினா மூத்தம்மா ஏச மாட்டா."

உண்மைதான். நான் அவனுக்குச் சொன்ன பதில்தான் தொடக்கநிலைப் புத்தகங்கள் பலதிலும் இருக்கிறது. அது பாதிப் பதில். மீதிப் பாதியைத் தேடிப்போனால், அது கட்டையில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. ஏறத்தாழ 700 வருசத்துக்கு முன்னால் ரெண்டு பேர் சேர்ந்து பாடி முடித்த விதத்தில் இருக்கிறது.

முதலில் கட்டையில் உள்ளதைப் பார்ப்போம். மெலோடிக்காவிலோ கீபோர்ட்டிலோ கறுப்புக் கட்டைகள் ரெண்டும் மூன்றுமாகக் கூடியிருக்கும். ரெண்டு கறுப்புக்கு இடதுபக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டையை ஸ என்று வைத்துக்கொண்டு வெள்ளையிலேயே ஏறினால் ஸ ரி க ம ப த நி ஸ வந்துவிடும். நம் சங்கீதத்தில் இது சங்கராபரண ராகத்தின் சுர வரிசை. மேற்கில் மேஜர் ஸ்கேல் என்பார்கள். இதில் க–ம, நி–ஸ ஆகிய ரெண்டு இடத்தில் மட்டும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. அந்தச் சின்ன இடைவெளியை இந்தக் கட்டுரையில் அரைப்படி என்கிறேன், மற்றதெல்லாம் முழுப்படி. மேல் ஸவுக்கு அரைப்படி கீழே நிற்கும் இந்த நிதான் காகலி நிஷாதம். மேற்கத்தியர் இதைத்தான் லீடிங் நோட், அதாவது வழிகாட்டிப்போகும் சுரம் என்கிறார்கள்.

இனி ஒரு சோதனை. ஒரே மூச்சில் கீழ் ஸவையும் கவையும் சேர்த்து ஊதுங்கள். இதமாக இருக்கும். கவை விட்டுவிட்டு ஸவையும் நியையும் சேர்த்து ஊதுங்கள். கரகரக்கும். ஏனென்றால் எந்த வாத்தியத்திலும் ஒரு சுரம் தனியாக ஒலிப்பதில்லை. கீழ் ஸ வினாடிக்குச் சுமார் 262 தரம் அதிர்கிறது என்றால் அதன் இரட்டிப்பான 523 அதிர்வும் அந்த ஒலிக்குள்ளேயே மெல்லிசாக இருக்கும். அந்த 523 வேறொன்றுமில்லை, மேல் ஸ. நீங்கள் அமத்தும் நி 494. 523க்கும் 494க்கும் இடையில் 29. ரெண்டும் சேரும்போது ஒலி வினாடிக்கு 29 தரம் கூடிக் குறைகிறது. காதுக்கு அதைத் தனித்தனியாக எண்ண முடியாது, கரகரப்பாகத்தான் கேட்கும். நி அரைப்படி ஏறி மேல் ஸவில் விழுந்ததும் அந்தக் கரகரப்பு அப்படியே அடங்கிவிடுகிறது.

மாமிட மகன் கேட்ட கேள்விக்கு ஒரு பகுதி விடை இதில் வந்துவிட்டது. க பக்கத்து மவுக்கு எவ்வளவு கிட்ட இருந்தாலும் அது ஸவோடு ஏற்கெனவே பொருந்தி நிற்கிறது. ஸ நாலு தரம் அதிரும் நேரத்தில் க ஏறக்குறைய அஞ்சு தரம் அதிரும், எளிய கணக்கு. நிக்கு அந்தக் கணக்கு எட்டுக்குப் பதினைந்து. ஆக, கிட்ட இருப்பது மட்டும் போதாது. நிற்கும் இடத்தில் நிம்மதியில்லாமலும் இருக்க வேணும்.

ஆனால் இதுவும் முழுசாகச் சரிவராது. கரகரப்பிலிருந்து தப்புவதுதான் நோக்கமென்றால் நி கீழே இறங்கியும் தப்பலாமே? மேலிருந்து ஸ நி த ப என்று இறங்கிப் பாருங்கள். நி சத்தமில்லாமல் கடந்து போய்விடும், ஒரு இழுப்பும் தெரியாது. அதே கட்டை, அதே அதிர்வுதான். அப்படியென்றால் நிக்கு மேலே போகும் பழக்கம் எங்கிருந்து ஒட்டியது?

ஐரோப்பாவின் தேவாலயங்களில் நூற்றாண்டுக் கணக்காகப் பாடப்பட்ட ஒற்றைக்குரல் பாடல்களைக் கேட்டால் ஒரு விசயம் கவனத்தில் படும். அவை பெரும்பாலும் மேலிருந்து இறங்கித்தான் முடியும். ரியில் வந்து ஸவில் அமரும். மூச்சு முடியும்போது குரல் தாழ்வது இயல்பு, நாம் பேசும்போதும் அப்படித்தான். அந்தப் பாட்டுகளை முடிக்க நி தேவைப்படவில்லை.

ரெண்டாவது குரல் வந்தபிறகுதான் சிக்கல் தொடங்கியது. ஒருவர் பழைய பாட்டைப் பாட, இன்னொருவர் அதற்கு மேலே வேறொரு வரியைப் பாடுவார். கடைசியில் ரெண்டு பேரும் ஒரே சுரத்தில், அல்லது கீழ் ஸ மேல் ஸ என்று ஒரு முழு எட்டில் சந்திக்க வேணும். கீழ்க்குரல் வழக்கம்போல ரியிலிருந்து ஸவுக்கு இறங்குகிறது. அப்போது மேல்குரல் எங்கேயிருந்து வரலாம்? எதிர்ப்பக்கமாக ஏறி வருவதுதான் அழகு. அதாவது நியிலிருந்து ஸவுக்கு. ஒருவர் ஒரு படி இறங்க மற்றவர் ஒரு படி ஏற, கதவின் ரெண்டு பலகையும் விரிவதுபோல ஆகிறது.

இதற்கு அந்தக் காலத்து ஆசிரியர்கள் ஒரு விதி வைத்தார்கள். அரைகுறையாகப் பொருந்தும் சோடி முழுதாகப் பொருந்தும் சோடிக்குப் போகும்போது ஆகக் கிட்டின வழியால் போக வேணும். ரி–நி அரைகுறைச் சோடி, ஸ–ஸ முழுச் சோடி. கீழ்க்குரல் முழுப்படி இறங்குகிறது, ஆகவே மேல்குரல் அரைப்படிதான் ஏற வேணும். பிரச்சினை என்னவென்றால், அந்தப் பாட்டுகளில் பலதும் இருந்த சுர வரிசையில் நி ஸவுக்கு முழுப்படி கீழே இருந்தது. நம் கணக்கில் கைசிகி நிஷாதம். கரஹரப்பிரியாவில் வருகிற நி. பாடகர்கள் என்ன செய்தார்கள்? முடிக்கிற இடத்தில் மட்டும் அந்த நியை அரைப்படி உயர்த்திப் பாடினார்கள். கைசிகி அந்த ஒரு இடத்தில் காகலி ஆனது.

பெரும்பாலும் ஏட்டில் இதை எழுதவே இல்லை. எழுதியிருப்பது ஒன்று, பாடுவது ஒன்று. பழகின பாடகனுக்குச் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் அந்தக் காலத்து ஏடுகளைப் பாட எடுப்பவர்கள் எந்த நியை உயர்த்துவது, எதை விடுவது என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். வரலாறு படிக்கிற எனக்கு இது புதிதில்லை. ஒரு ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விசயத்தைத்தான் ஒருத்தரும் எழுதி வைப்பதில்லை.

எழுதிவைத்த சிலரில் ஒருவர் இத்தாலியில் பாதுவா நகரத்து மார்க்கெத்தோ. 1317, 1318 அளவில் அவர் எழுதிய 'லூசிதாரியம்' என்ற நூலில் முழுப்படியை ஐந்து துண்டாகப் பிரிக்கிறார். இப்படி உயர்த்திய சுரம் போய்ச்சேர வேண்டிய சுரத்துக்கு ஒரு துண்டுத் தூரத்தில், ஒட்டினாற்போல நிற்கலாம் என்கிறார். இன்றைய கட்டையில் உள்ள அரைப்படியை விட அது நெருக்கம். இதைக் கவனியுங்கள். சுரம் கிட்ட இருந்ததால் ஆட்கள் ஸவுக்குப் போகவில்லை. ஸவுக்குப் போக வேணும் என்பதற்காக அதைக் கிட்டக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் மாமிட மகனுக்குச் சொன்ன பதில் தலைகீழ்.

அதற்குப் பிறகு நடந்தது, ஒரு பழக்கம் மெல்ல மெல்ல சட்டமாகிய கதை. 1722இல் பிரான்சில் ராமோ என்ற இசையமைப்பாளர் ஒத்திசை பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அப்போதைக்கு இசை ரெண்டு குரலில் நிற்கவில்லை. மூன்று, நாலு சுரங்களைக் கட்டாகச் சேர்த்து ஒலிக்கும் காலம். நம் கீபோர்ட்காரர்கள் கோட் பிடிக்கிறது என்கிறார்களே, அது. ஸ–க–ப வீட்டுக் கட்டு. ப–நி–ரி–ம வாசலுக்கு வெளியே நிற்கும் கட்டு. அந்த வெளிக்கட்டுக்குள் நியும் மவும் ஒன்றாக மாட்டிக்கொள்கின்றன. அந்த ரெண்டையும் மட்டும் சேர்த்து ஊதிப் பாருங்கள், காதுக்கு ஒரு இடைஞ்சல் தெரியும். நி அரைப்படி ஏறி ஸ ஆகிறது, ம அரைப்படி இறங்கி க ஆகிறது, வீட்டுக் கட்டு வந்துவிடுகிறது. இந்த நி ஏற வேணும், இந்த ம இறங்க வேணும் என்று ராமோ விதியாகவே எழுதினார். மாமிட மகன் கேட்டதற்கு, சொன்ன ஆள் இவர் என்று காட்டலாம். ஆனால் அவர் சொன்னபோது பாடகர்கள் அதை 400 வருசமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்தக் காது எங்கள் பக்கம் எப்படி வந்தது என்று யோசித்தால், ஒரு பாட்டு நினைவுக்கு வரும். 1948க்கு முன் இலங்கையில் அரச கீதமாக இருந்த இங்கிலாந்து அரசரின் வாழ்த்துப் பாட்டு. 'காட் சேவ் த கிங்' என்று ஊர் ஊராய்ப் பாடியது. 1740களில் லண்டனில் அச்சாகி மேடையேறிய மெட்டு அது. அதே மெட்டு தமிழ்நாட்டிலே ஒரு சங்கீத மேதையின் கையிலும் கிடைத்தது.

திருவாரூரில் 1775இல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் கொஞ்சக் காலம் சென்னைக்குப் பக்கத்து மணலியில், அங்கேயிருந்த முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தது. அந்த முதலியார்கள் கம்பெனிக்காரரோடு தொடர்புள்ளவர்கள். அப்படித்தான் தீட்சிதருக்கு ஜோர்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரரின் பேண்ட் இசை கேட்கக் கிடைத்தது. அவருடைய தம்பி பாலுசுவாமி அங்கே வயலின் பழகினார். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலின் வந்த வழிகளில் அது முக்கியமானது. தீட்சிதர் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று அவற்றுக்குப் பெயர். நோட் என்ற இங்கிலீசுச் சொல்லும் ஸ்வரமும் ஒட்டிப் பிறந்த பெயர், எனக்கு மிகப் பிடித்தது. எல்லாம் சங்கராபரணச் சுரங்களில், கமகம் இல்லாமல் நேர் நேராகப் பாடுவது. அதில் 'ஸந்ததம் பாஹிமாம்' என்பது அரச வாழ்த்தின் மெட்டு.

இந்த மெட்டைக் கையிலெடுத்தால் நியின் முழுக் கதையும் தெரியும். மூன்று மூன்று எண்ணிக்கையில் போகும் மெட்டு. தொடக்கம் ஸ ஸ ரி. அடுத்த மூன்றில் முதல் அடியிலேயே நி, ஒன்றரை எண்ணிக்கை நீளத்துக்கு. அதற்குப் பின்னால் ஸ வருகிறது, ஆனால் அரை எண்ணிக்கைதான், உடனே ரிக்கு ஓடிவிடுகிறது. நி ஸவுக்குப் போய்விட்டது, ஆனாலும் பாட்டு முடிந்ததாக ஒருத்தருக்கும் தோன்றாது. மெட்டு கவுக்கும் மவுக்கும் ஏறித் திரும்பி, ரி ஸ நி என்று வந்து, அடுத்த மூன்றின் முதல் அடியில் ஸவில் விழுகிறது. இந்தத் தரம் ஸ மூன்று எண்ணிக்கையும் நிற்கிறது. இப்போதுதான் உட்கார்ந்த உணர்ச்சி. ரெண்டு தரமும் போனது அதே அரைப்படிதான். இறங்கிய ஸ எந்த அடியில் விழுந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதில்தான் வித்தியாசம். கீபோர்ட் பழகத் தொடங்குகிறவர்கள் நியை ஸவில் சேர்த்துவிட்டு, ஏன் முடிந்தமாதிரி இல்லை என்று குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

இதைவிடச் சுவாரசியம் பாட்டின் கடைசி. அங்கே மெட்டில் நியே இல்லை. க ரி ஸ என்று மேலிருந்து இறங்கி முடிகிறது, அந்தப் பழைய தேவாலயப் பாட்டுகள் போல. அப்படியென்றால் நி எங்கே? பேண்ட் அடிக்கும்போது ரிக்குக் கீழே வழக்கமாகப் பிடிக்கிற ப–நி–ரி கட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. நடுவில் உள்ள ஒரு வாத்தியம் அந்த நியை ஊதி ஸவுக்கு ஏற்றும். வெளிக்குரல் ரி இறங்குகிறது, உள்குரல் நி ஏறுகிறது, ரெண்டும் ஸவில் சந்திக்கின்றன. அந்த ரெண்டு பாடகர்களின் அதே கதவு, இந்தத் தரம் சாத்துகிற பக்கமாக.

அந்த மெட்டை ஒற்றைக்குரலில் பாடினால் அந்த உள்குரல் காணாமல் போய்விடும். ஆனாலும் பாட்டு குறையாக நிற்காது, க ரி ஸ என்று இறங்குவதே போதும். நம் சங்கீதத்தில் கட்டு பிடிக்கிற வேலை இல்லை. தம்புராவில் ஸ விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனால் நிக்கு வருகிற அந்தக் கரகரப்பு நமக்கும் உண்டு, ஸவைத் தேடுகிற ஆசையும் உண்டு. கல்யாணி பாடும்போது நி பல நேரம் ஒரே இடத்தில் நிற்காமல் மேல் ஸவைத் தொட்டுத் தொட்டு ஆடும். ஆனால் அங்கேயே நீளமாக நின்று, ஸவைக் கேட்பவரின் ஏக்கத்துக்கு விட்டுவிட்டு, மெதுவாக வருவதற்கும் பாடகருக்கு உரிமை உண்டு. ராமோவின் சட்டம் அங்கே செல்லாது.

ஐரோப்பாவிலும் அது எல்லா இடத்திலும் செல்லவில்லை. பாக் நாலு குரலுக்கு எழுதிய தேவாலயப் பாடல்களில், நி நடுக்குரலில் இருந்தால் அவர் அதைப் பல தரம் மேலே ஏற்றாமல் பவுக்கே இறக்கிவிடுவார். முடிவுக் கட்டில் ப குறைந்தால் வெறுமையாக இருக்கும் என்பது காரணம். மேல் ஸவை வேறொரு குரல் பாடுவதால் கேட்பவரின் காது ஏமாறுவதில்லை. பாடம் படிக்கிற பிள்ளை அதே வேலையை மேல்குரலில் செய்தால் சிவப்புப் பேனைதான். மறுகா, சீசன் காலத்தில் அறுகம்பேப் பக்கம் இரவில் கேட்கிற ரொக் பாட்டுகளில் பலது கைசிகி நியோடேயே முடிகின்றன. அவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதிலும் ஒரு குறையும் தெரியாது.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னால் மாமிட மகன் எழும்பிப் போய்விடுவான் என்று தெரியும். அதனால் ஒரு வேலை மட்டும் கொடுத்தேன். "ஸவ மறந்திடு. க, ப, நி மூணையும் சேத்துப் பிடிச்சு ஊது. கவில இருந்து தொடங்கி, கவயே வீடாக்கிப் பாரு. கடசியா நியில நிப்பாட்டு." முதல் ரெண்டு தரம் அவனுக்குச் சரிவரவில்லை. ஸ ரி க ம என்று பழக்கத்தில் தொடங்கிவிட்டுப் பிறகு அந்தக் கட்டைப் பிடித்தான், காதுக்குள் ஸ இன்னும் இருந்தது, நி பழையபடி துடித்தது. மூன்றாம் தரம் கொஞ்சம் விட்டு, க–ப–நியை மட்டும் நாலைந்து தரம் நீளமாக ஊதினான். கவுக்கு நி பொருத்தமான சுரம், ஸவுக்கு ப எப்படியோ அப்படி. பிறகு தனியாக நியை ஊதி, வழமைபோல டக்கெண்டு நிறுத்திவிட்டு, மூத்தம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

மூத்தம்மா சுளகிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.